92 கிலோ ஆளுக்கு தினம் எத்தனை கிராம் புரோட்டீன்? லீன் எடையை வைத்துக் கணக்கிடுவது எப்படி?

செல்வா_ஐந்துரோடு

வணக்கம். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜிம்மில் பயிற்சி செய்கிறேன். வயது 34, உயரம் 172 செ.மீ., எடை 92 கிலோ. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் முறையாகச் செய்கிறேன், வெயிட்டும் ஏறிக்கொண்டு வருகிறது. தொப்பை மட்டும் குறையவில்லை. அதனால் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, தசை போகாமல் கொழுப்பை மட்டும் இறக்க நினைக்கிறேன்.

சிக்கல் புரோட்டீன் கணக்கில்தான். ஜிம் டிரெய்னர் 200 கிராம் என்கிறார். கூடப் பயிற்சி செய்யும் நண்பர், "உன் மெஷின் ரிப்போர்ட்டில் இருக்கும் தசை எடையை இரண்டால் பெருக்கு, 75 போதும்" என்கிறார். உடல் கொழுப்பு காட்டும் அந்த மெஷினின் ரிப்போர்ட்டில் கொழுப்பு 27.4%, FFM 66.8, SMM 37.7 என்று இருக்கிறது. 75க்கும் 200க்கும் நடுவே எங்கே நிற்பது? 200 என்றால் மாதச் செலவு எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் விவரமாகவே கேட்கிறேன்.

தினேஷ்_பவர்

டிரெய்னர் சொல்வது பழைய ஜிம் கணக்கு சகோ. ஒரு பவுண்டு எடைக்கு ஒரு கிராம், அதாவது கிலோவுக்கு 2.2. 92 × 2.2 = 202. இதில் உங்கள் கொழுப்பையும் சேர்த்துப் பெருக்குகிறார். கொழுப்புக்கு எதற்குப் புரோட்டீன்? கொழுப்பு போக மீதி உள்ள லீன் எடையைத்தான் எடுக்க வேண்டும். ஆய்வுகளில் கிலோவுக்கு 1.6 என்று வந்திருக்கிறது. 66.8 × 1.6 = 107. அவ்வளவுதான், முடிந்தது.

குமரேசன்_அம்மாப்பேட்டை

தினேஷ் தம்பி முதல் பாதியைச் சரியாகச் சொன்னார், பின் பாதியில் சறுக்கிவிட்டார். அந்த 1.6 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2018இல் மார்ட்டனும் மற்றவர்களும் வெயிட் பயிற்சி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரு கிலோ முழு உடல் எடைக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் தெரியவில்லை என்றார்கள். அந்த எண்ணின் மேல் எல்லை 2.2 வரை போகிறது. இரண்டுமே முழு எடைக்கான பெருக்கல் எண்கள். முழு எடைக்கான எண்ணை எடுத்து லீன் எடையோடு பெருக்கினால், கொழுப்பை இரண்டு முறை கழித்த மாதிரி ஆகிவிடும். 107 அப்படி வந்த எண்தான்.

டிரெய்னர் செய்வது இதற்கு நேர் எதிர். ஒல்லியான, தசை உள்ள ஆளுக்குப் பொருந்தும் பெருக்கல் எண்ணை, தொப்பை உள்ள ஆளின் முழு எடைக்குப் போடுகிறார். எண்ணும் எடையும் ஒரே வகையாக இருக்க வேண்டும். அதுதான் இந்தக் கணக்கில் முக்கியம்.

சுமாரான உடல்வாகு உள்ள பயிற்சி ஆள், கொழுப்பு 18% என்று வைத்துக்கொள்வோம். அவர் உடலில் ஒவ்வொரு கிலோவிலும் 820 கிராம் லீன். முழு எடைக்கு 1.6 என்பது அவருடைய லீன் எடைக்கு 1.6 ÷ 0.82, கிட்டத்தட்ட 1.95. ஆகவே லீன் எடையை எடுத்தால் பெருக்க வேண்டியது 2. செல்வாவுக்கு 66.8 × 2 = 134 என்று வரும். அந்த 66.8 நம்பகமானதா என்பது அடுத்த கேள்வி, இரவு விவரமாக எழுதுகிறேன்.

நண்பர் சொன்ன 75 பற்றி ஒரு வரி. அந்தத் தாளில் SMM என்று அச்சாவது எலும்போடு ஒட்டிய தசை மட்டும். லீன் எடை என்றால் தசை, எலும்பு, உறுப்புகள், ரத்தம், உடலில் உள்ள நீர் எல்லாம் சேர்ந்தது, அது FFM வரியில் இருக்கும். SMM அதில் பாதிக்குச் சற்று மேல்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு பாதியாகிவிடும்.

ராமமூர்த்தி_ஹஸ்தம்பட்டி

இவ்வளவு சுற்ற வேண்டாம். நாங்கள் அந்தக் காலத்தில் உயரத்தில் நூறைக் கழிப்போம். 172இல் 100 போனால் 72. அதுதான் உங்கள் லீன் எடை. கிலோவுக்கு ஒரு கிராம், 72 கிராம் போதுமே.

குமரேசன்_அம்மாப்பேட்டை

ஐயா, அந்தக் கணக்கில் கிடைப்பது இருக்க வேண்டிய எடை, லீன் எடை அல்ல. 72 கிலோவிலும் கொழுப்பு உண்டு. கிலோவுக்கு ஒரு கிராம் என்பது பொதுவாக உட்கார்ந்து வேலை செய்பவருக்கான அளவு. நம் ஊர் ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்னதும் கிலோவுக்கு 0.83 கிராம்தான். பளு தூக்குபவருக்கு அது காணாது. ஆனால் உங்கள் 72ஐ வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அது இலக்கு எடை என்பதால் முழு எடைக்கான பெருக்கல் எண் அதற்குப் பொருந்தும். 72 × 1.6 = 115, 72 × 1.8 = 130. டேப்பும் மெஷினும் இல்லாத வீட்டில் இது மோசமான வழி இல்லை.

குமரேசன்_அம்மாப்பேட்டை

சரி, மெஷினுக்கு வருகிறேன். அது கொழுப்பை அளப்பதில்லை. உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. நீர் உள்ள இடத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் ஓடாது. மீதி எல்லாம் உயரம், வயது, எடையை வைத்துப் போடும் சமன்பாடு. அதனால் உடல் நீரில் ஏற்படும் மாற்றம் கொழுப்பாகவும் தசையாகவும் தாளில் வந்து நிற்கும். ஏறுவதற்குச் சற்று முன்பு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால், அது வயிற்றில்தான் கிடக்கும், தடை அதிகம் மாறாது, எடை மட்டும் ஒரு கிலோ கூடும். மெஷின் அதைக் கொழுப்பாகக் கணக்கு வைக்கும். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, எதையும் சாப்பிடாமல் ஏறினால்தான் ஒரு மாத எண்ணை அடுத்த மாத எண்ணோடு ஒப்பிட முடியும். வீட்டில் நின்று பார்க்கும் தராசில் இன்னொரு குறை: மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். வயிற்றுப் பகுதியை அது பெரும்பாலும் ஊகிக்கிறது.

இன்னொரு எண் வேண்டும் என்றால் தையல்காரர் டேப் போதும். அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டன், பெக்கெட் இருவரும் 1984இல் போட்ட சமன்பாடு. ஆண்களுக்கு வயிற்றைத் தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும், கழுத்தைக் குரல்வளை மேட்டுக்குக் கீழே. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல், டேப் தோலில் படிந்து ஆனால் அழுத்தாமல். ஷீட்டில் B1 வயிறு, B2 கழுத்து, B3 உயரம், எல்லாம் செ.மீ.:

```
=495/(1.0324-0.19077*LOG10(B1-B2)+0.15456*LOG10(B3))-450
```

LOG10க்குப் பதில் LN என்று போட்டுவிடாதீர்கள், விடை தவறாக வரும்.

செல்வா_ஐந்துரோடு

அண்ணா, இன்று காலை அளந்தேன். வயிறு 102, கழுத்து 38. ஷீட்டில் 29.0% வந்தது. அப்படியானால் லீன் 92 × 0.71 = 65.3 கிலோ. மெஷின் 66.8 சொன்னது. ஒன்றரை கிலோ வித்தியாசம். எதை நம்புவது? அப்புறம் டேப்பை இரண்டாவது முறை வைத்தபோது 104 காட்டியது, அதுவும் குழப்புகிறது.

குமரேசன்_அம்மாப்பேட்டை

இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றுதான். 65.3 × 2 = 131. 66.8 × 2 = 134. வித்தியாசம் 3 கிராம், ஒரு டம்ளர் பாலில் பாதி. டேப் 104 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 30.2% வரும், லீன் 64.2, புரோட்டீன் 128. இந்த டேப் சமன்பாட்டில் மூன்று நான்கு சதவீதம் இப்படியும் அப்படியும் இருப்பது சகஜம். உங்கள் எடையில் 3.5% என்றால் 3.2 கிலோ, அதாவது 6 கிராம் புரோட்டீன், ஒரு முட்டை. ஒரு முட்டைக்காக, எக்ஸ்ரேயில் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

75க்கும் 200க்கும் இடையில் உங்களை அலையவிட்டது அளவுப் பிழை அல்ல தம்பி. எந்த எடையோடு எந்த எண்ணைப் பெருக்குவது என்ற குழப்பம்தான். 130 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீபஜார்_முருகன்

என் விஷயத்தையும் பாருங்கள். லீ பஜாரில் மண்டியில் வேலை, மூட்டை தூக்கித்தான் உடம்பு வந்தது, இப்போது ஜிம்முக்கும் போகிறேன். நானும் 172தான், எடை 80. வயிறு 84, கழுத்து 40. ஒரு ஆப்பில் உயரம், எடை மட்டும் கொடுத்தேன், லீன் 59.3 என்றது. 59.3 × 2 = 119 எடுத்தால் போதுமா? செல்வாவைவிட எனக்கு லீன் குறைவு என்பதை நம்ப முடியவில்லை.

குமரேசன்_அம்மாப்பேட்டை

நம்பாதீர்கள் முருகன். அது போயர் சமன்பாடாக இருக்கும். ஆணுக்கு இப்படி:

```
0.407*எடை + 0.267*உயரம் - 19.2
```

இதில் வயிற்றுக்கு இடமே இல்லை, கவனித்தீர்களா? 172 உயரம், 80 கிலோ உள்ள எல்லா ஆண்களுக்கும் இது 59.3 என்றே சொல்லும், மண்டியில் மூட்டை தூக்குபவருக்கும் சரி, கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் சரி. அந்த உயரம், எடையில் சராசரி ஆள் எப்படி இருப்பார் என்பதைத்தான் அது தருகிறது. உங்கள் டேப் அளவைப் போட்டால் கொழுப்பு 15%, லீன் 68 கிலோ. போயரைவிடக் கிட்டத்தட்ட 9 கிலோ அதிகம். நீங்கள் 136 எடுக்க வேண்டியவர்.

செல்வாவுக்கு அதே போயர் 64.2 தருகிறது, டேப்போடு ஒத்துப்போகிறது. அது தற்செயல்தான். சராசரியிலிருந்து விலகிய உடல் என்றால் உயரம், எடை மட்டும் கேட்கும் ஆப்பை விட்டுவிடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. நம்மில் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வந்த ஆட்கள் நிறைய. ஒருவர் 170 செ.மீ., 60 கிலோ, வயிறு 86, கழுத்து 34 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைப் பார்த்தால் ஒல்லி. போயர் 50.6 கிலோ லீன் என்கிறது, டேப் 47.1 என்கிறது. கொழுப்பு 21%க்கு மேல். ஒரே பி.எம்.ஐ.யில் தெற்காசிய உடலில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். டேப் சமன்பாடும் அமெரிக்கக் கடற்படையினரை வைத்துப் போட்டதுதான், நம் உடலுக்கு அது எவ்வளவு தவறும் என்பதில் என்னிடம் உறுதியான எண் இல்லை.

மலர்_ஏற்காடு

நான் ஏற்காட்டில் இருக்கிறேன், வீட்டில் டம்ப்பெல், பார்பெல் வைத்துப் பயிற்சி செய்கிறேன். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். உயரம் 158, எடை 61. வயிறு 78, கழுத்து 32. மேலே உள்ள ஷீட்டில் போட்டேன், 19.2% வந்தது. லீன் 49, அப்படியென்றால் எனக்கு 99 கிராம். சைவத்தில் 99ஐ எட்டப் பெரும்பாடாக இருக்கிறது.

குமரேசன்_அம்மாப்பேட்டை

மேடம், அது ஆண்களுக்கான வரி. பெண்களுக்கு இடுப்பளவும் வேண்டும், இடுப்பு அதிகமாகப் பருத்த இடத்தில். வயிற்றையும் தொப்புள் மட்டத்தில் அளக்கக் கூடாது, இடை மிக ஒடுங்கிய இடத்தில் அளக்க வேண்டும். B4 இடுப்பு:

```
=495/(1.29579-0.35004*LOG10(B1+B4-B2)+0.221*LOG10(B3))-450
```

மலர்_ஏற்காடு

78 என்பது ஒடுங்கிய இடத்தில் எடுத்ததுதான். இடுப்பு 100. இப்போது 33.4% காட்டுகிறது. லீன் 40.6. அப்படியானால் 81 கிராம். பதினெட்டு கிராம் குறைந்துவிட்டதே! இது எட்டக்கூடியது. ஆனால் பருப்பிலிருந்து வரும் புரோட்டீன் உடம்பில் முழுதாகச் சேராது, சைவக்காரர் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று சொல்கிறார்களே?

குமரேசன்_அம்மாப்பேட்டை

பருப்பு மட்டுமே என்றால் பத்து சதவீதம் கூட்டுவதில் தவறில்லை. முட்டை, பால், தயிர் நாள்தோறும் இருந்தால் நான் கூட்டச் சொல்வதில்லை. 85 என்று முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

தினேஷ்_பவர்

குமரேசன் அண்ணா, பெருக்கல் எண் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்வா சாப்பாட்டைக் குறைக்கிறார். கட்டிங்கில் இருப்பவருக்கு ஹெல்ம்ஸ் 2014 கட்டுரையில் லீன் எடைக்கு 2.3 முதல் 3.1 என்று இருக்கிறது. இது லீன் எடைக்கே சொன்ன எண். 65.3 × 2.3 = 150, 65.3 × 3.1 = 202. டிரெய்னரின் 200 அதற்குள் வந்துவிடுகிறதே!

குமரேசன்_அம்மாப்பேட்டை

நல்ல கேள்வி. அந்தக் கட்டுரை யாரைப் பற்றியது என்று பாருங்கள். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும், பல வருடம் பயிற்சி செய்த, சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கும் ஆட்கள். மேடை ஏறும் பாடி பில்டர் மாதிரி. உடலில் கொழுப்பு மிகக் குறைந்தால் உடல் தசையை எரிக்கத் தொடங்கும், அப்போது மேல் எல்லை தேவைப்படும். 29% கொழுப்பு வைத்திருக்கும் செல்வாவுக்கு எரிக்க வேறு சரக்கு இருக்கிறது. கட்டிங்குக்காக 2இலிருந்து 2.2 வரை கூட்டலாம், 130 முதல் 145. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமும் அவர் சாதத்திலிருந்தோ எண்ணெயிலிருந்தோ பிடுங்கப்படுகிறது. ஸ்குவாட் அன்று சாதம் வேண்டும்.

தினேஷ்_பவர்

எனக்கு 150தான் சரியாகப் படுகிறது. கட்டிங்கில் பசி தாங்குவதற்கே அது உதவும். நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

குமரேசன்_அம்மாப்பேட்டை

பசிக்காக என்றால் சரி, அதை மறுக்கவில்லை. தசைக்கு அது தேவை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அருண்_சூரமங்கலம்

எனக்கு ஒரு சந்தேகம். கிரியேட்டின் ஆரம்பித்த கொஞ்ச நாளில் மெஷினில் லீன் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. எடையும் அதே அளவு ஏறியது. புரோட்டீனையும் 4 கிராம் கூட்ட வேண்டுமா?

குமரேசன்_அம்மாப்பேட்டை

வேண்டாம். கிரியேட்டின் தசைக்குள் நீரை இழுக்கும். மெஷின் அந்த நீரை லீன் என்று எழுதுகிறது. அவ்வளவு சீக்கிரம் இரண்டு கிலோ தசை ஏறாது. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வா_ஐந்துரோடு

சரி, 135 என்று முடிவு செய்து சாப்பாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இரவு துவரம் பருப்பு சாம்பார் இரண்டு கரண்டி, 200 கிராம் இருக்கும். பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் என்பதால் 44. கோழிக் குழம்பு கால் கிலோ, 100க்கு 31 என்று 77. நான்கு முட்டை 24. இதிலேயே 145 ஆகிவிட்டது. புரோட்டீன் எட்டுவது இவ்வளவு சுலபமா?

மலர்_ஏற்காடு

தம்பி, 22 கிராம் என்பது வேகாத பருப்புக்கு. சாம்பாரில் பெரும்பகுதி தண்ணீர். உங்கள் இரண்டு கரண்டியில் பருப்பு 30 கிராம் இருந்தாலே அதிகம், அதில் 6, 7 கிராம்தான் வரும். வீட்டில் மொத்தம் எவ்வளவு பருப்பு போட்டார்கள், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று வகுத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

குமரேசன்_அம்மாப்பேட்டை

மலர் மேடம் சொன்னது சரி. லீன் எடையில் ஒன்றரை கிலோ வித்தியாசத்துக்கு நாம் இவ்வளவு பேசினோம், இங்கே ஒரே வரியில் 37 கிராம் தப்பிப் போகிறது. கோழியும் அப்படித்தான். 31 என்பது சமைத்த, எலும்பில்லாத நெஞ்சுக் கறிக்கு. கடையில் எலும்போடு வாங்கும் கால் கிலோவில் எலும்பைக் கழித்தால் பச்சைக் கறி 160, 170 கிராம் தேறும். பச்சையில் 100 கிராமுக்கு 20 என்று போட்டால் 33. உங்கள் 77 அங்கே பாதிக்கும் கீழே வருகிறது. மொத்தத்தில் நீங்கள் எழுதியது 145 அல்ல, 65 பக்கம்.

செலவு பார்க்க வேண்டும் என்றீர்கள். முட்டை நான்கு, 24. பால் அரை லிட்டர், 16. தயிர் 200 கிராம், 7. எலும்பில்லாத கோழி நெஞ்சுக் கறி பச்சையாக 200 கிராம், 45. பருப்பு அல்லது கொள்ளு வேகாமல் 50 கிராம், 11. இட்லி, சாதம், சப்பாத்தி எல்லாம் சேர்த்து ஒரு 18. இதுவரை 121. சோயா சங்க்ஸ் காய்ந்த நிலையில் 30 கிராம் சேர்த்தால் 15, மொத்தம் 136. பவுடர் டப்பா இல்லாமலே வந்துவிட்டது. கோழி இல்லாத நாளில் சோயாவை இரட்டித்து, முட்டை இரண்டு, பனீர் கொஞ்சம் கூட்டுங்கள்.

கீதா_செவ்வாய்ப்பேட்டை

என் கணவருக்கும் இதே எடை, அவரும் ஜிம் போகிறார். அவருக்கு கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல் என்று லேபில் வந்தது. அவரும் 135 எடுக்கலாமா?

குமரேசன்_அம்மாப்பேட்டை

சகோதரி, அவர் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம். கிரியேட்டினின் தசை அதிகம் உள்ளவருக்கும், கறி நிறையச் சாப்பிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தவருக்கும் சற்று ஏறலாம், ஆனால் சிறுநீரகப் பிரச்சினையிலும் ஏறும். இரண்டில் எது என்பதை டாக்டர்தான் வேறு பரிசோதனைகள் செய்து சொல்ல வேண்டும். சிறுநீரகம் பாதித்தவருக்குப் புரோட்டீன் அளவை அவரே வைப்பார். அதுவரை கூட்டாதீர்கள்.

செல்வா_ஐந்துரோடு

இந்த எண்ணை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் அண்ணா? எடை இறங்கினால் புரோட்டீனும் இறங்குமா?

குமரேசன்_அம்மாப்பேட்டை

மாதம் ஒரு முறை, அதே காலை நேரம், அதே டேப், மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். எடை 92இலிருந்து 87க்கு வந்து, வயிறு 96க்கு இறங்கினால் லீன் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும், போட்டுப் பாருங்கள். அப்போது 135 அப்படியே இருக்கட்டும். எடை இறங்கி வயிறு இறங்காமல், ஸ்குவாட் வெயிட்டும் விழுந்தால் லீன் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் புரோட்டீனை ஏற்றுவதற்கு முன், சாப்பாட்டை மிக அதிகமாகக் குறைத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

தினேஷ்_பவர்

87, 96, கழுத்து 38 என்று போட்டேன், 25.3% வருகிறது. லீன் 65.0. அண்ணா சொன்னது சரிதான். ஆனால் கழுத்தும் அரை செ.மீ. இறங்கும், அதையும் அளந்துகொள்ளுங்கள் செல்வா.